சிறு வலைத்தளத்துக்குத் தனியுரிமைக் கொள்கை, குக்கீ அறிவிப்பு, தொடர்பு விவரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டங்களில் சிறு கடைக்காரர்களுக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. தளம் தயாரானதும், பக்கத்தின் அடியில் இருக்கும் அந்த இரண்டு மூன்று இணைப்புகளைப் பற்றி எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு உடன்குடிப் பக்கம் கருப்பட்டி விற்கும் ஓர் அக்காவின் தளத்தை எடுத்துக்கொள்கிறேன், பெயர் சொல்லாமல். வேர்ட்பிரஸ், அதன் மேல் கடை நடத்த வூகாமர்ஸ், ஒரு தொடர்புப் படிவம், கருப்பட்டி காய்ச்சும் யூடியூப் வீடியோ ஒன்று. அவ்வளவுதான் தளம். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை புரளும் வியாபாரம் என்றால் எழுதியதை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

"என் தளம் ரொம்பச் சின்னது சார். எனக்கெல்லாம் தனியுரிமைக் கொள்கை வேணுமா?"

நீங்கள் வியாபாரமோ தொழிலோ செய்து, தளத்தின் வழியாக யாருடைய பெயரையோ போன் எண்ணையோ வாங்கினால், வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகளே கொள்கையைத் தளத்தில் வெளியிடச் சொல்கின்றன. அந்தச் சட்டம் நிறுவனம் என்று சொல்லும்போது ஒரே ஆள் நடத்தும் கடையும் அதில் அடங்கும். "நான் கம்பெனி இல்லையே" என்று தப்பிக்க முடியாது.

அடுத்து வருவது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டத்தின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை பழைய விதிகள்தான். இப்போது புதிதாக எழுதுபவர்கள் புதிய சட்டத்தை மனதில் வைத்தே எழுதிவிடலாம், இரண்டு வேலை மிச்சம்.

கவிதை எழுதிப் போடுகிறீர்கள், படிவம் இல்லை, விற்பனை இல்லை, விளம்பரமும் இல்லை என்றால் சட்டம் உங்களைத் தேடி வராது. ஆனாலும் அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"நான் யார்கிட்டயும் எதுவும் கேட்கலையே, என் தளம் என்னத்தச் சேகரிக்குது?"

நீங்கள் கேட்காவிட்டாலும் தளம் எடுத்துக்கொள்ளும். ஹோஸ்டிங் சர்வர் ஒவ்வொரு வருகையையும் பதிவேட்டில் எழுதும்: ஐபி முகவரி, நேரம், எந்தப் பக்கம், எந்த உலாவி. வேர்ட்பிரஸில் யாராவது பின்னூட்டம் போட்டால் அவருடைய ஐபியும் மின்னஞ்சலும் உங்கள் தரவுத்தளத்தில் உட்கார்ந்துவிடும். அப்புறம் நீங்கள் ஒட்டவைத்த வெளிச் சரக்குகள்: யூடியூப், மேப், அனலிட்டிக்ஸ். அவை அவரவர் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பும்.

கண்ணால் பார்த்துவிடலாம், பத்து நிமிட வேலை. கணினியில் குரோமின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து உங்கள் தளத்துக்குப் போங்கள். `F12` அழுத்தி, மேலே `Application`, இடது பக்கம் `Cookies`. பார்வையாளரின் உலாவியில் தளம் வைத்துவிட்டுப் போகும் சிறு குறிப்புகள்தான் குக்கீகள், அங்கே வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் `Network` பகுதியைத் திறந்துவைத்துப் பக்கத்தைப் புதுப்பித்தால், உங்கள் தளம் வேறு எந்தெந்த முகவரிகளோடு பேசுகிறது என்பதும் தெரியும்.

அக்காவின் தளத்தில் முதல் பக்கத்தைத் திறந்ததுமே `_ga` என்று ஒன்றும், `_ga_` என்று தொடங்கி எண்களோடு முடியும் ஒன்றும் இருந்தன. இரண்டும் கூகுள் அனலிட்டிக்ஸ். வீடியோ இருந்த பக்கத்தில் யூடியூபின் `VISITOR_INFO1_LIVE`, `YSC`. கூடையில் ஒரு கிலோ கருப்பட்டியைப் போட்டதும் `woocommerce_items_in_cart`, `woocommerce_cart_hash`, அப்புறம் `wp_woocommerce_session_` என்று தொடங்கும் ஒன்று. எழுத்துருக்கள் `fonts.googleapis.com` என்ற முகவரியிலிருந்து வந்துகொண்டிருந்தன. அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "இதுல நான் வச்சது எது தம்பி?" என்று கேட்டார். கூடைக்கானவை மட்டும்தான் அவர் கடை நடக்கத் தேவையானவை.

"வேற ஒரு நல்ல தளத்துல இருந்து காப்பி பண்ணிப் பேரை மட்டும் மாத்திப் போட்டா என்ன?"

முன்பு நானே அப்படிச் செய்திருக்கிறேன். ஒருவர் தளத்துக்கு எங்கிருந்தோ எடுத்த கொள்கையைப் போட்டேன். மூன்றாவது பத்தியில் பழைய நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. எட்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை, கடைசியில் கண்டுபிடித்தது ஒரு வாடிக்கையாளர். மானம் போயிற்று.

பெயரை ஒழுங்காக மாற்றினாலும் சிக்கல் தீராது. காப்பி அடித்த கொள்கைகளில் பெரும்பாலும் "உங்கள் விவரங்களை எந்த மூன்றாம் தரப்போடும் பகிர்வதில்லை" என்று ஒரு வரி இருக்கும். பார்சல் அனுப்பும் கடை பெயரையும் முகவரியையும் கூரியருக்குக் கொடுக்காமல் எப்படி அனுப்பும்? எழுதியது ஒன்று, செய்வது ஒன்று என்றாகிவிடும். கொள்கையே இல்லாத தளத்தைவிடப் பொய்யான கொள்கை உள்ள தளத்தின் நிலை மோசம். வாக்குக் கொடுத்து மீறியதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சி.

வேர்ட்பிரஸில் `Settings` → `Privacy` என்ற இடத்தில் மாதிரிக் கொள்கை ஒன்று வைத்திருக்கிறார்கள், 2018-இல் வந்த 4.9.6 பதிப்பிலிருந்து. நீங்கள் போட்டிருக்கும் சில பிளக்கின்கள் தங்களைப் பற்றிய பத்திகளையும் அங்கே தரும். தொடக்கத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன சோதனையைச் செய்து, கண்டதை வைத்துத்தான் வரிகளைத் திருத்த வேண்டும்.

"சரி, அப்ப அதுல என்னென்னதான் எழுதணும்?"

ஒரு தாளை எடுத்து, தளத்துக்குள் வரும் ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே நான்கு பதில் எழுதுங்கள்: எதற்கு வாங்குகிறோம், எங்கே கிடக்கிறது, யாரிடம் போகிறது, எப்போது அழிக்கிறோம். கடைசிக் கேள்வியில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். அக்காவும் தடுமாறினார். தொடர்புப் படிவம் தளத்தில் எதையும் சேமிக்கவில்லை, மின்னஞ்சலாக மட்டும் அனுப்பியது. ஆனால் அந்த ஜிமெயில் பெட்டியில் 4 வருடத்து விசாரிப்புகள் போன் எண்ணோடு கிடந்தன. உட்கார்ந்து அழித்தோம். இனி ஒரு வருடத்துக்கு மேல் வைப்பதில்லை என்று அவரே முடிவு செய்தார்.

தாளில் இருந்ததை அப்படியே வாக்கியமாக்கினால் கொள்கை வந்துவிடும். அவர் தளத்தில் இப்போது இருப்பதில் ஒரு பகுதி:

> நீங்கள் ஆர்டர் கொடுக்கும்போது பெயர், முகவரி, போன் எண், மின்னஞ்சல் வாங்குகிறோம். பார்சல் அனுப்பவும், வந்து சேராவிட்டால் உங்களை அழைக்கவும் இவை தேவை. பெயரும் முகவரியும் போன் எண்ணும் கூரியர் நிறுவனத்துக்குப் போகும். பணம் கட்டும் பக்கம் கட்டணச் சேவை நிறுவனத்துடையது. உங்கள் கார்டு எண் எங்களிடம் வருவதில்லை. தொடர்புப் படிவத்தில் எழுதுவது எங்கள் மின்னஞ்சலுக்கு வரும். ஒரு வருடத்தில் அழித்துவிடுவோம். உங்கள் விவரங்களைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கீழே உள்ள முகவரிக்கு எழுதுங்கள்.

உண்மையான பக்கத்தில் கூரியர், கட்டணச் சேவை இரண்டின் பெயரும் இருக்கின்றன. மேலே தேதியும் போட்டிருக்கிறோம். முழுக் கொள்கையும் ஒன்றரைப் பக்கம்கூட வரவில்லை.

"ஆங்கிலத்துலதான் இருக்கணும்னு சொல்றாங்களே?"

யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. 2023 சட்டம் சொல்வதே வேறு: சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழியிலோ படிக்கும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும். அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் தமிழும் ஒன்று. தளம் தமிழில் இருந்தால் கொள்கையைத் தமிழில் எழுதி, ஆங்கிலப் படி ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எல்லாத் தளத்துலயும் குக்கீ பட்டை வருதே, நானும் போடணுமா?"

அந்தப் பட்டை ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கம். அங்கே 2002-இல் வந்து 2009-இல் திருத்தப்பட்ட ஓர் உத்தரவின்படி, பயனர் கேட்ட சேவைக்குக் கண்டிப்பாகத் தேவைப்படாத எதையும் அவருடைய கருவியில் வைக்குமுன் சம்மதம் வாங்க வேண்டும். குக்கீ என்று பெயர் சொல்லிப் பட்டை கேட்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் அடையாளம் காணக்கூடிய ஒருவரின் நடமாட்டத்தைக் குக்கீ வழியாகத் தொடர்ந்தால் அதுவும் தனிநபர் தரவுதான். 2027 மே மாதத்துக்குப் பிறகு அதற்கு அறிவிப்பும் சம்மதமும் கேட்கத்தான் வேண்டியிருக்கும்.

அதனால் முதல் கேள்வி பட்டையைப் பற்றியது அல்ல. அந்தக் குக்கீ உங்களுக்குத் தேவையா? அக்காவிடம் கேட்டேன், அனலிட்டிக்ஸ் அறிக்கையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று. தளம் திறந்த வாரம் பார்த்ததாம். எடுத்துவிட்டோம். எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ஹோஸ்டிங் பலகையில் இருக்கும் எண்ணிக்கையே போதும். கூடைக்கான குக்கீகள் மட்டும் மிஞ்சின. அவற்றுக்குப் பட்டை தேவையில்லை, கொள்கையில் ஒரு பத்தி எழுதினோம்.

"அனலிட்டிக்ஸ் வேணும் சார். பட்டை பிளக்கின் போட்டுட்டேன், 'சரி'ன்னு பட்டனும் வருது. போதும்ல?"

பெரும்பாலும் போதாது. மறைநிலைச் சாளரத்தில் தளத்தைத் திறந்து, பட்டையைத் தொடாமல் குக்கீப் பட்டியலைப் பாருங்கள். `_ga` அங்கே ஏற்கெனவே நின்றால் பட்டை வெறும் அலங்காரம். உள்ளே போன பிறகு கதவைத் தட்டுகிற மாதிரி. நான் பார்த்த சிறு தளங்களில் அடிக்கடி வரும் கோளாறு இதுதான். காரணம் எளிது: அனலிட்டிக்ஸ் வரியைத் தீமில் நேரடியாக ஒட்டியிருப்பார்கள், பட்டைப் பிளக்கினுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. அந்த வரியை எடுத்துவிட்டு, பிளக்கின் அமைப்புக்குள் அனலிட்டிக்ஸ் எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். மறுபடி சோதியுங்கள்.

அடுத்து "வேண்டாம்" பட்டன். "சரி" மட்டும் பெரிதாக இருந்து, மறுப்பதற்கு மூன்று திரை தாண்டிப் போக வேண்டும் என்றால் அது சம்மதம் ஆகாது. முன்பே டிக் அடித்த கட்டமும் செல்லாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானெட்49 வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் 2020 மின்வணிக விதிகளும், வாங்குவதற்கான சம்மதத்தில் முன்பே டிக் அடித்து வைக்கக்கூடாது என்கின்றன. சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது 2023 சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே பக்க அடியில் "குக்கீ விருப்பங்கள்" என்று ஓர் இணைப்பு எப்போதும் இருக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம். `_ga` 2 ஆண்டு இருக்கும் என்று கூகுள் சொல்கிறது. குரோமில் பார்த்தால் 400 நாள்தான் காட்டும். 2022 முதல் அந்த உலாவி அதற்கு மேல் எந்தக் குக்கீயையும் வைக்க விடுவதில்லை. தப்பாக எழுதிவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

"யூடியூப் வீடியோவும் கூகுள் மேப்பும் நான் வச்சது இல்லையே, அதுக்கும் நானா பொறுப்பு?"

அதைப் பக்கத்தில் ஒட்டியது நீங்கள்தானே. ஜெர்மனியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று 2022 ஜனவரியில், கூகுள் எழுத்துருவை நேரடியாகக் கூகுளிலிருந்து இழுத்த ஒரு தளத்துக்காரரை, பார்வையாளருக்கு 100 யூரோ கொடுக்கச் சொன்னது. சம்மதம் இல்லாமல் அவருடைய ஐபி முகவரி கூகுளுக்குப் போனது என்பதுதான் குற்றம். நம் ஊரில் யாரும் இதற்காக வழக்குப் போடப் போவதில்லை, ஆனால் பொறுப்பு யாருடையது என்பது இதில் புரியும்.

வழி உண்டு. எழுத்துருக் கோப்புகளை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம், பக்கமும் சில சமயம் வேகமாகத் திறக்கும். மேப்புக்குப் பதில் ஒரு படமும் "வழி பார்க்க" என்ற இணைப்பும் போதும். வீடியோவுக்கு யூடியூபே வேறொரு முகவரி தருகிறது:

```html
<iframe src="https://www.youtube-nocookie.com/embed/VIDEO_ID"></iframe>
```

இதில் ஆள் ப்ளே அழுத்தும்வரை பழைய குக்கீகள் வராது. ஆனாலும் ஐபி முகவரி யூடியூபுக்குப் போகத்தான் செய்யும். அதையும் கொள்கையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

"ஆட்சென்ஸ் போட்டா வேற ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கூகுளே தன் நிபந்தனையில் கொள்கைப் பக்கம் கேட்கிறது. கூகுளும் பிற விளம்பர நிறுவனங்களும் குக்கீ வழியாக, முந்தைய வருகைகளை வைத்து விளம்பரம் காட்டுகின்றன என்று எழுத வேண்டும். அப்படிப்பட்ட விளம்பரத்தை நிறுத்தும் இடத்துக்கு இணைப்பும் தர வேண்டும். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இருந்து பார்வையாளர்கள் வந்தால், 2024 ஜனவரி முதல் கூகுள் சான்றளித்த பட்டையைத்தான் காட்ட வேண்டும். அது ஆட்சென்ஸ் கணக்கிலேயே கிடைக்கிறது.

"தொடர்புப் பக்கத்துல வீட்டு முகவரி போடணுமா? பொம்பளை தனியா நடத்துற கடை, பயமா இருக்கு."

நியாயமான பயம். ஆனால் சொந்தத் தளத்தில் பொருள் விற்றால் 2020 நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் பொருந்தும். கடையின் சட்டப்படியான பெயர், தலைமையிடத்தின் முகவரி, கிளைகள் இருந்தால் அவற்றின் முகவரி, மின்னஞ்சல், போன் எண் எல்லாம் தளத்தில் தெளிவாக இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் மட்டும் போட்டால் போதாது, இடம் எங்கே என்று தெரிய வேண்டும். விற்பனை இல்லாமல் சொந்த விருப்பத்துக்கு நடத்தும் தளம் என்றால் இந்த விதி இல்லை. ஒரு மின்னஞ்சல் போதும்.

அக்கா கடையை வீட்டிலிருந்துதான் நடத்தினார். சரக்கு வைத்து எடுக்க அவர் தம்பி கடையின் பின்பக்கத்தில் ஓர் அறை இருந்தது. ஆர்டர், பில், பார்சல் எல்லாம் அங்கிருந்தே நடக்கும்படி மாற்றிக்கொண்டு, அந்த முகவரியைப் பதிவுகளிலும் தளத்திலும் போட்டார். தளத்தில் மட்டும் வேறு முகவரி காட்டுவது ஏமாற்று வேலை, அதைச் செய்யாதீர்கள். போனுக்குத் தனி சிம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு சின்ன ரீசார்ஜ், இரவு பத்து மணிக்கு மேல் அணைத்து வைக்கலாம்.

படிவம் மட்டும் வைத்துவிட்டு மின்னஞ்சலை மறைக்கும் பழக்கமும் வேண்டாம். படிவம் கெட்டுப்போனால் உங்களுக்கே தெரியாது. மாதம் ஒரு முறை நீங்களே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள்.

"குறைதீர் அலுவலர்னு ஒருத்தர் பேர் போடணுமாமே, நான் ஒரே ஆள்தான் இருக்கேன்?"

உங்கள் பெயரையே போடுங்கள். "குறைதீர் அலுவலர்: உங்கள் பெயர், உரிமையாளர், மின்னஞ்சல், போன்" என்று ஒரு வரி. மின்வணிக விதிப்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதல் பதிலுக்கு மின்னஞ்சலில் தானியங்கி பதில் ஒன்றை அமைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. 2023 சட்டமும் தரவு பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரத்தைக் கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே ஆள் இருக்கலாம்.

"ஒருத்தர் 'என் விவரத்தை எல்லாம் அழிங்க'ன்னு மெயில் போட்டிருக்கார். பில்லையும் அழிச்சிடணுமா?"

முதலில் கேட்பவர் அவர்தானா என்று பாருங்கள்; ஆர்டரில் உள்ள அதே மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். வேர்ட்பிரஸில் `Tools` → `Erase Personal Data` போய் அந்த மின்னஞ்சலைக் கொடுத்தால், அவருக்கு உறுதி செய்யும் கடிதம் போகும். அவர் உறுதி செய்த பிறகு அழிக்கலாம். பின்னூட்டத்தில் உள்ள பெயர் முதலியவை போய்விடும்.

வூகாமர்ஸ் ஆர்டர்கள் மட்டும் தானாகப் போகாது. `Accounts & Privacy` அமைப்பில் தனியாக டிக் அடித்திருந்தால்தான் ஆர்டரிலிருந்தும் பெயரை நீக்கும். அதை அவசரப்பட்டு அடிக்காதீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, அந்த ஆண்டுக்கான வருடாந்திரக் கணக்கின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். சட்டம் வைக்கச் சொன்னதை வைத்துக்கொள்ளலாம். "பில் மட்டும் கணக்குக்காக இன்ன வருடம்வரை இருக்கும், மற்றவற்றை அழித்துவிட்டோம்" என்று பதில் எழுதுங்கள். ஜிமெயில் பெட்டியும் போனில் சேமித்த எண்ணும் எந்தப் பட்டனுக்கும் அடங்காது, அவற்றைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

"ஜெர்மனியில இருக்கிற சொந்தக்காரங்க ரெண்டு பேர் வாங்கினாங்க. ஐரோப்பாச் சட்டம் நம்ம மேல பாயுமா?"

தளம் அங்கிருந்து திறக்கிறது என்பதற்காக மட்டும் பாயாது. அங்குள்ளவர்களுக்கு விற்பதுதான் உங்கள் நோக்கமா என்று பார்ப்பார்கள்: யூரோவில் விலை, "ஐரோப்பா முழுவதும் டெலிவரி" என்ற அறிவிப்பு, அங்குள்ளவர்களைக் குறிவைத்த விளம்பரம். ரூபாயில் விலை போட்டு, தெரிந்தவர் கேட்டதால் ஒரு பார்சல் அனுப்பியது அந்த வகை அல்ல. புலம்பெயர்ந்த தமிழர்களைக் குறிவைத்துத் தீபாவளிக்கு யூரோ விலையில் தனிப் பக்கம் திறந்தால் கதை வேறு. அப்போது மேலே சொன்ன பட்டைச் சோதனையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது, கொள்கையையும் ஒரு வக்கீலிடம் காட்டியே ஆக வேண்டும்.

"ஆர்டர் கொடுத்தவங்க நம்பரை எல்லாம் ஒரு வாட்ஸப் குரூப்புல சேர்த்துட்டேன், ஆஃபர் போடலாம்னு. அது தளத்துல இல்லையே?"

எண் தளத்தின் வழியாகத்தானே வந்தது. பார்சலுக்கு என்று சொல்லி வாங்கியதை ஆஃபருக்குப் பயன்படுத்துவது வேறு நோக்கம், அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். குரூப்பில் இன்னொரு கேடும் இருக்கிறது: ஒருவர் எண்ணை மற்ற எல்லாரும் பார்க்கிறார்கள். அக்காவும் இதைச் செய்திருந்தார், 140 பேர். ஒரு பெண்ணுக்கு முன்பின் தெரியாத ஆளிடமிருந்து செய்தி வரத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

குரூப்பைக் கலைத்தார். எல்லாருக்கும் தனித்தனியாக மன்னிப்புச் செய்தி போயிற்று. இப்போது ஆர்டர் பக்கத்தில் "புது சரக்கு வந்தால் வாட்ஸப்பில் சொல்லவா?" என்று டிக் அடிக்காத கட்டம் ஒன்று இருக்கிறது. டிக் அடித்தவர்களுக்கு மட்டும் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புகிறார். அதில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. அவருடைய எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும், அது ஒரு குறை. போன மாதம் கேட்டபோது பட்டியலில் 31 பேர் இருந்தார்கள்.